நோட்டீஸ் காலம் ஓடும்போது புதிய நிறுவனம் மௌனமாகிவிட்டால்: கடிதத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராஜினாமா கொடுத்தாகிவிட்டது, நோட்டீஸ் காலம் ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனால் ஆஃபர் லெட்டர் கொடுத்த புதிய நிறுவனத்திலிருந்து வாரக்கணக்கில் ஒரு வரிகூட வரவில்லை. இந்த நிலையில் இருப்பவர்கள் எழுதும் கடிதம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: “வணக்கம். என் பணி நியமனம் குறித்து ஏதேனும் தகவல் உண்டா? தங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறேன்.” இதில் பணிவுக்குக் குறைவில்லை. ஆனால் இதைப் படிப்பவர் எதற்குப் பதில் சொல்ல வேண்டும், எந்தத் தேதிக்குள் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் யாருக்கு என்ன நேரும் என்பது எதுவும் இதில் இல்லை. ஆகவே அது நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கப்படுகிறது.

கணக்குப் பிரிவில் பணியாற்றும் நண்பர் ஒருவருக்கு நேர்ந்ததைக் கொண்டு இதை விளக்குகிறேன். அவர் மார்ச் 3ஆம் தேதி ராஜினாமா கொடுத்தார். நோட்டீஸ் காலம் 60 நாள் என்பதால் கடைசி வேலைநாள் மே 1. புதிய இடத்தில் சேர வேண்டிய நாள் மே 4. கேட்ட சான்றிதழ்களையெல்லாம் மார்ச் 12ஆம் தேதி அனுப்பினார். அதற்குப் பிறகு அங்கிருந்து எந்தத் தகவலும் இல்லை. மார்ச் 25, ஏப்ரல் 2, ஏப்ரல் 8 என மூன்று முறை, தன்னை நேர்காணலுக்கு அழைத்த அதே ஹெச்.ஆர். அலுவலருக்கு, அதே பழைய மின்னஞ்சலின் தொடர்ச்சியாக, மேலே சொன்ன வாசகத்தைச் சிறு மாற்றங்களுடன் அனுப்பியிருந்தார். ஏப்ரல் 9ஆம் தேதி அவற்றை என்னிடம் காட்டியபோது, “இன்னும் 22 நாள் இருக்கிறதே” என்றார்.

முதல் தவறு அந்தக் கணக்கில்தான் இருந்தது. கடைசி வேலைநாள் வரை அவகாசம் இருப்பதாக எண்ணுவது இயல்பானது என்றாலும், உண்மையான கெடு அதற்கு வெகுமுன்பே வந்துவிடுகிறது. ராஜினாமாவைத் திரும்பப் பெறவோ, விடுவிக்கும் தேதியைத் தள்ளிப்போடவோ எந்த நாள் வரை முடியும் என்பதே கெடு. அதை நிர்ணயிப்பது தற்போதைய நிறுவனம். ராஜினாமாவை ஏற்றுக்கொண்ட பிறகு அதைத் திரும்பப் பெறுவது பொதுவாக அவர்களுடைய சம்மதத்தைப் பொறுத்தது. நம் இடத்துக்கு வேறொருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டால் அந்தச் சம்மதம் கிடைப்பது அரிது. நண்பரின் மேலாளர் மாற்று ஆளுக்கான நேர்காணல்களை நடத்திக்கொண்டிருந்தார். ஏப்ரல் 20ஆம் தேதிவாக்கில் முடிவெடுப்பதாகவும் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். ஆக, நண்பரிடம் இருந்தது 22 நாள் அல்ல, 11 நாள். மேலாளரிடம் பேசுவதற்கும் நாள் வேண்டும் என்பதால், புதிய நிறுவனத்தின் பதில் ஏப்ரல் 15ஆம் தேதிக்குள் வந்தாக வேண்டும். இந்தக் கணக்கைப் போடாமல் எழுதத் தொடங்குபவரின் கடிதத்தில் தேதி இருக்காது. இருந்தாலும் அது தவறான தேதியாக இருக்கும்.

அடுத்த தவறு, பதில் தராத ஒரே நபருக்குத் திரும்பத் திரும்ப எழுதுவது. நிறுவனத்தின் மௌனத்தை நிராகரிப்பு என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். சில நேரங்களில் அது உண்மைதான். பணியிடத்துக்கான ஒப்புதல் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கலாம், அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அங்கே தயங்கிக்கொண்டிருக்கலாம். ஆனால் நடைமுறைக் காரணங்களும் நிறைய உண்டு. ஆளைத் தேர்ந்தெடுப்பவர் ஒருவர், சேர்க்கை வேலைகளைக் கவனிப்பவர் இன்னொருவர் என்று பிரிந்திருக்கும் இடங்களில், ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குக் கோப்பு போகும் இடைவெளியில் விண்ணப்பதாரர் மறக்கப்படுகிறார். நம்மோடு பேசியவர் நீண்ட விடுப்பில் போயிருக்கலாம், வேறு பிரிவுக்கு மாறியிருக்கலாம், அந்த நிறுவனத்திலிருந்தே விலகியிருக்கலாம். பின்னணிச் சரிபார்ப்பில் ஒரு சான்றிதழ் தெளிவாக இல்லை என்ற கேள்வி யாருடைய அஞ்சல் பெட்டியிலோ கிடக்கலாம். இந்தக் காரணங்களில் எதுவாக இருந்தாலும், அதே முகவரிக்குப் பத்துக் கடிதம் போட்டாலும் பயன் இல்லை.

ஆகவே கடிதம் மூன்று இடங்களுக்குப் போக வேண்டும்: இதுவரை தொடர்பில் இருந்தவர், ஆஃபர் லெட்டரில் கையொப்பமிட்டவர், நம்மை நேர்காணல் செய்த மேலாளர். மூன்றாமவரைச் சேர்க்கப் பலர் கூச்சப்படுகிறார்கள், ஹெச்.ஆரை மீறிப் போவதாக ஆகிவிடுமோ என்ற அச்சம். மூவரையும் வெளிப்படையாக ஒரே கடிதத்தில் சேர்த்தால் அது மீறல் ஆகாது. அந்தப் பணியிடம் நிரம்பாவிட்டால் சிரமப்படப்போகிறவர் அந்த மேலாளர்தான். அவரிடமிருந்து ஒரு வார்த்தை கிளம்பினால் ஹெச்.ஆரில் கோப்பு நகரும். பழைய மின்னஞ்சலுக்குக் கீழே எழுதாமல், பொருள் வரியுடன் புதிதாகவே தொடங்க வேண்டும். வேலை வாங்கித் தந்தது ஒரு கன்சல்டன்சி என்றால், அவர்களுக்கும் நகல் அனுப்பலாம். ஆனால் அவர்கள் “கவலைப்படாதீர்கள்” என்று சொல்வதை நிறுவனம் சொன்னதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வாக்குறுதி கொடுக்கும் அதிகாரம் அவர்களிடம் இல்லை.

கடிதத்தின் உடலில் நேரும் தவறுதான் எல்லாவற்றிலும் பெரியது: எதையும் கேட்காமல், எல்லாவற்றையும் சொல்வது. வீட்டுக் கடன், குடும்பப் பொறுப்பு, தூக்கமில்லாத இரவுகள் ஆகியவை உண்மையாகவே நம்மை வாட்டுபவை. இருந்தாலும் அவை பதில் எழுதுபவரின் வேலையை எளிதாக்குவதில்லை. ஒரு நிமிடத்தில் பதில் சொல்லக்கூடிய கேள்விகள்தான் பதிலைக் கொண்டுவரும். நண்பர் ஏப்ரல் 10ஆம் தேதி அனுப்பிய கடிதம் இது:

“பொருள்: மே 4 அன்று பணியில் சேர்வது குறித்து ஏப்ரல் 15க்குள் உறுதிப்படுத்த வேண்டுகிறேன்

வணக்கம். தங்கள் நிறுவனத்தில் மூத்த கணக்கர் பணிக்கான நியமனக் கடிதத்தை ஏற்றுக் கையொப்பமிட்டு அனுப்பியுள்ளேன். மே 4 அன்று சேர வேண்டும் என்று அதில் உள்ளது. கேட்கப்பட்ட சான்றிதழ்களை மார்ச் 12 அன்று அனுப்பினேன். அதன் பின் எனக்குத் தகவல் ஏதும் வரவில்லை.

இரண்டு விவரங்கள் மட்டும் தேவை. சேரும் தேதியான மே 4 மாற்றமின்றி உள்ளதா? என் தரப்பிலிருந்து ஏதேனும் ஆவணம் நிலுவையில் உள்ளதா?

தற்போதைய நிறுவனத்தில் என் கடைசி வேலைநாள் மே 1. விடுவிப்புத் தேதியில் மாற்றம் தேவைப்பட்டால் அதை இங்கே முன்கூட்டியே தெரிவிக்க வேண்டியிருப்பதால், ஏப்ரல் 15க்குள் பதில் கிடைத்தால் உதவியாக இருக்கும். நியமனக் கடிதத்தையும் என் ஏற்புக் கடிதத்தையும் இணைத்துள்ளேன்.”

இரண்டாவது கேள்வியைக் கவனியுங்கள். மௌனத்துக்குக் காரணம் அவர்களுடைய கவனக்குறைவாகவே இருந்தாலும், “இந்த ஒரு தாள் வர வேண்டியிருந்தது” என்று சொல்லித் தொடங்குவதற்கு அது வழிவிடுகிறது. “ஏன் பதில் இல்லை” என்று கேட்டால் அவர்கள் தங்களை நியாயப்படுத்த வேண்டியிருக்கும்; அந்தச் சங்கடத்திலேயே பதில் இன்னும் தள்ளிப்போகும். ராஜினாமாவைத் திரும்பப் பெறும் எண்ணத்தை முதல் கடிதத்தில் எழுத வேண்டாம் என்பதும் என் கருத்து. தேதியை மாற்ற வேண்டியிருக்கும் என்று சொன்னாலே அவசரம் புரிந்துவிடும். குறித்த தேதி தாண்டியும் பதில் இல்லாவிட்டால், இரண்டாவது கடிதத்தில், உறுதி கிடைக்காத நிலையில் தற்போதைய பணியில் தொடர்வது பற்றிப் பேச வேண்டியிருக்கும் என்று ஒரே வரியில் தெரிவித்தால் போதும்.

இல்லாத இன்னொரு ஆஃபரைக் காட்டி நெருக்குவது மிகவும் ஆபத்தானது. “அப்படியானால் அதை ஏற்றுக்கொள்ளுங்கள், வாழ்த்துகள்” என்று பதில் வந்தால் கையில் எதுவும் மிஞ்சாது.

இதே அளவுக்குக் கவனிக்கப்படாத ஒன்று, தற்போதைய அலுவலகத்தின் மின்னஞ்சலிலிருந்து எழுதுவது. அந்தக் கணக்கை நிறுவனம் பார்க்க முடியும் என்பது ஒருபுறம் இருக்க, கடைசி நாள் மாலையில் அது மூடப்பட்டுவிடும். அடுத்த நாள் வரும் பதில் நம்மை வந்து சேராது. சொந்த முகவரியிலிருந்தே எழுத வேண்டும். தொலைபேசியில் பேசுவதில் தவறில்லை, சொல்லப்போனால் அதுவே விரைவான வழி, ஆனால் பேசி முடித்த அன்றே, “இன்று தொலைபேசியில் தாங்கள் சொன்னபடி சேரும் தேதி மே 4 என்று புரிந்துகொண்டேன், தவறிருந்தால் தெரிவியுங்கள்” என்று எழுதி அனுப்பிவிட வேண்டும்.

பதில் வந்துவிட்டால் ஆபத்து நீங்கிவிட்டது என்று எண்ணுவதும் தவறே. “நடைமுறை நடந்துகொண்டிருக்கிறது, விரைவில் தெரிவிக்கிறோம்” என்பது உறுதிமொழி ஆகாது. அதில் தேதி இல்லை, பொறுப்பேற்கும் பெயரும் இல்லை. இத்தகைய பதில் வந்தால், எந்தக் கட்டம் நிலுவையில் உள்ளது, அது எந்தத் தேதியில் முடியும் என்ற இரண்டையும் அன்றே கேட்க வேண்டும். கூடவே ஆஃபர் லெட்டரை மறுபடி எடுத்துப் படிக்க வேண்டும். “பின்னணிச் சரிபார்ப்பு நிறைவடைவதற்கு உட்பட்டது” என்ற வாசகம் அதில் இருந்தால், அந்தச் சரிபார்ப்பு முடியும்வரை கையில் இருப்பது நிபந்தனைக்கு உட்பட்ட நியமனமே. ராஜினாமா கொடுப்பதற்கு முன்பே படித்திருக்க வேண்டிய வரி அது. அப்போது படிக்காவிட்டாலும், தற்போதைய மேலாளரிடம் என்ன கேட்பது என்று தீர்மானிக்க இப்போது அது தேவைப்படும்.

நண்பருக்கு ஏப்ரல் 13ஆம் தேதி பதில் வந்தது, அதுவும் நேர்காணல் செய்த மேலாளர் கேட்டதன் பேரில். பழைய ஹெச்.ஆர். அலுவலர் வேறு பிரிவுக்கு மாறியிருந்தார்; முந்தைய வேலையின் அனுபவச் சான்றிதழுக்குத் தெளிவான நகல் வேண்டும் என்று சரிபார்ப்பவர்கள் மார்ச் மாதமே அவருக்கு எழுதியிருந்தார்கள். நகல் அன்றே போயிற்று. சரிபார்ப்பு முடிய நாளாகும் என்பதால் சேரும் தேதியை மே 11க்கு மாற்றுவதாகத் தொலைபேசியில் சொன்னார்கள். நண்பர் திருத்திய கடிதம் வேண்டும் என்று கேட்டார். ஏப்ரல் 16ஆம் தேதி அது கையொப்பத்துடன் வந்தது. அன்று மாலையே தன் மேலாளரிடம் போய், விடுவிக்கும் நாளை மே 1இலிருந்து மே 8க்குத் தள்ளிவைக்கக் கேட்டார். மாற்று ஆள் இன்னும் முடிவாகாத நேரம்; புதியவருக்கு வேலையை ஒப்படைக்க ஒரு வாரம் கூடுதலாகக் கிடைக்கும் என்பதால் மேலாளர் உடனே சம்மதித்தார்.