லண்டன், மெல்பர்ன், களியக்காவிளை: ஞாயிறு அழைப்பில் வரும் குழப்பம்

களியக்காவிளைப் பக்கம் ஒரு பிள்ளை லண்டனிலும் இன்னொரு பிள்ளை மெல்பர்னிலும் இருக்கும் வீடுகள் உண்டு. எங்கள் வீடும் அப்படித்தான். தங்கச்சி லண்டனில், அண்ணன் மெல்பர்னில். ஞாயிறு மதியம் அம்மையோடு மூன்று பேரும் வீடியோ காலில் பேசுவோம்.

நாங்கள் முதலில் செய்த தவறு, ‘இரண்டு ஊரிலும் கடிகாரத்தை மாற்றுகிறார்கள், அதனால் இடைவெளி மாறாது’ என்று நினைத்தது. மாறும், அதுவும் இரண்டு மணி நேரம். பூமியின் அச்சு சாய்ந்திருப்பதால் ஜூனில் வடபாதி சூரியனை நோக்கியிருக்கும், டிசம்பரில் தென்பாதி. லண்டனில் கோடை வரும்போது மெல்பர்னில் குளிர்காலம். நீண்ட பகலைப் பயன்படுத்தத்தான் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுகிறார்கள். ஆகவே ஓர் ஊர் முன்னே தள்ளும் பருவத்தில் மற்ற ஊர் பின்னே இழுக்கிறது. நம் ஊரில் ஆண்டு முழுக்கப் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம்தான் என்பதால் இது நமக்குச் சட்டென்று பிடிபடுவதில்லை.

2026-ஐப் பாருங்கள். ஜனவரியில் லண்டனில் காலை 9 என்றால் மெல்பர்னில் இரவு 8, இடைவெளி 11 மணி. மார்ச் 29 அன்று லண்டன் முன்னே போனதும் இடைவெளி 10 ஆகிறது. ஏப்ரல் 5 அன்று மெல்பர்ன் பின்னே வந்ததும் 9. தங்கச்சி தன் காலை 9 மணியையே பிடித்துக்கொண்டால், அண்ணனுக்கு அழைப்பு இரவு 8, அப்புறம் 7, அப்புறம் மாலை 6 என்று நகரும். அம்மைக்கோ மதியம் 2:30 மார்ச் 29 முதல் 1:30 ஆகிவிடும், சோறு உண்ணும் நேரம்.

இந்த இடைப்பட்ட நாட்களில்தான் அழைப்பு அதிகம் தவறும். மார்ச்சில் அது ஒரே வாரம். ஆனால் அக்டோபரில் மெல்பர்ன் 4-ஆம் தேதியும் லண்டன் 25-ஆம் தேதியும் மாறுவதால் மூன்று வாரம் நீளும். ‘போன வருஷம் ஒரு வாரத்தில் சரியாச்சே’ என்ற நினைப்பு அங்கே கைகொடுக்காது.

காலண்டரில் லண்டனுக்கு `GMT` என்று தேர்ந்தெடுப்பது இன்னொரு தவறு. அது கோடையிலும் நகராது, அழைப்பு ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். `Europe/London` என்றே தேர்ந்தெடுக்க வேண்டும். பிரிஸ்பேனும் ஆஸ்திரேலியாதான் என்று மெல்பர்ன் கணக்கைப் போடாதீர்கள், அங்கே கடிகாரமே மாறுவதில்லை.

நாங்கள் இப்போது அழைப்பை `Asia/Kolkata`-வில் மதியம் 2:30 என்று போட்டிருக்கிறோம். லண்டனில் அது குளிர்காலத்தில் காலை 9, கோடையில் 10. மெல்பர்னில் கோடையில் இரவு 8, குளிர்காலத்தில் 7. யாருக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் நகர்வதில்லை, அம்மைக்கு நகர்வதே இல்லை.