சாப்பாட்டுப் பெட்டித் திட்டத்துக்கு ஒரு நிமிட விளம்பர வசனம்: விலை, வரும் நேரம், நிறுத்தும் முறை ஆகியவற்றை மறைக்காமல் எழுதுவது எப்படி?

கும்பகோணம் மேலக்காவேரியில் என் அண்ணி நடத்தும் சமையற்கூடத்துக்காகச் சென்ற ஆண்டு ஒரு விளம்பர வசனம் எழுதிக் கொடுத்தேன். முன்பணம் வாங்கிக்கொண்டு மதியச் சாப்பாட்டைக் கேரியரில் வீட்டு வாசலுக்கே அனுப்பும் திட்டம் அது. உள்ளூர்க் கேபிள் சேனலிலும் வாட்ஸ்அப்பிலும் அந்த விளம்பரம் ஓடியது, ஆட்களும் சேர்ந்தார்கள். முதல் மாதம் முடியும்போதுதான் என் வசனத்தில் இருந்த ஓட்டைகள் ஒவ்வொன்றாகத் தெரியவந்தன. அவற்றை அடைத்து எழுதிய இரண்டாவது வசனம் உருவான வழியையே இங்கே விளக்குகிறேன். படம் எடுப்பதும் வெட்டி ஒட்டுவதும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதல் படி: "மாதம்" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள்

முதல் வசனத்தில் "மாதம் 2,280 ரூபாய் மட்டுமே" என்று எழுதியிருந்தேன். அண்ணியின் கணக்கில் அது நான்கு வாரம், வாரத்துக்கு ஆறு நாள், ஆக 24 பெட்டி. கேட்டவர்களோ மாதம் என்றால் ஒன்றாம் தேதி முதல் கடைசித் தேதி வரை என்றுதான் புரிந்துகொண்டார்கள். நான்கு ஞாயிறு மட்டுமே வரும் 31 நாள் மாதத்தில் 27 சாப்பாட்டு நாட்கள் இருப்பதால், மூன்று பெட்டி குறைகிறது என்று அவர்கள் கேட்டது நியாயம்தான். இது போதாதென்று அமாவாசை வேறு வந்து சேர்ந்தது. எங்கள் பக்கத்தில் அன்று பல வீடுகளில் தாங்களே சமைத்துக் காக்கைக்கு வைத்த பிறகுதான் சாப்பிடுவார்கள் என்பதால் பெட்டி வேண்டாம் என்பார்கள். அண்ணியின் கூடத்தில் வேலை செய்யும் பெண்களும் அன்று வர மாட்டார்கள்.

ஆகவே அளவுகோலைப் பெட்டிக்கு மாற்றினேன். விலை பெட்டிக்கு இவ்வளவு, திட்டம் 24 பெட்டி, வேண்டாத நாளில் ஒரு பெட்டி பின்னுக்குத் தள்ளப்படும், நிறுத்தினால் மீதமுள்ள பெட்டிகளுக்குப் பணம் திரும்பும் என்று எல்லாவற்றையும் ஒரே அலகில் சொல்லும்போது கேட்பவர் கணக்கைத் தாமே போட்டுக்கொள்ள முடிகிறது. வசனத்தில் எழுதப்போகும் ஒவ்வொரு வாக்கியத்தையும் இந்த அலகில் சொல்ல முடிகிறதா என்று முதலில் பாருங்கள்.

இரண்டாவது படி: விலையை வாசலில் வந்து நிற்கும் தொகையாகச் சொல்லுங்கள்

எங்கள் சாப்பாட்டின் விலை 90 ரூபாய். கொண்டுவந்து தருவதற்கு 5 ரூபாய். "வெறும் 90 ரூபாய்" என்று சொல்லிவிட்டு ஐந்து ரூபாயைப் பிறகு சேர்க்கும் ஆசை எல்லாருக்கும் வரும். விளம்பரத்தில் ஒரு விலையைக் காட்டிவிட்டுப் பணம் கட்டும் இடத்தில் கூடுதல் தொகையை அவிழ்ப்பதை, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் தடைசெய்யப்பட்ட உத்திகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கின்றன. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். 95 என்று முதலிலேயே சொன்ன பிறகு எங்களுக்கு வந்த விசாரணை அழைப்புகள் குறையவில்லை.

கேரியருக்கு 300 ரூபாய் முன்பணம் வாங்குகிறோம். முதல் முறை கட்ட வேண்டியது 2,580, அடுத்த முறையிலிருந்து 2,280. இந்த இரண்டு தொகைகளையும் குரலில் அடுத்தடுத்துச் சொன்னால் காதில் ஒன்றாகக் குழம்பிவிடும் என்பதை வாசித்துப் பார்த்தபோதுதான் உணர்ந்தேன். எனவே குரலில் 2,280 என்றும், "முதல் முறை மட்டும் கேரியருக்கு 300 தனி" என்றும் சொல்லிவிட்டு, 2,580 என்ற கூட்டுத்தொகையை அதே நேரத்தில் திரையில் பெரிய எழுத்தில் காட்டினோம். அடியில் பொடி எழுத்தில் ஓடவிடாதீர்கள். வசனம் தமிழில் இருந்தால் நிபந்தனையும் தமிழில்தான் இருக்க வேண்டும் என்று 2022-ஆம் ஆண்டு விளம்பர வழிகாட்டுதல்கள் கூறுகின்றன.

மூன்றாவது படி: வரும் நேரத்துக்கு இரண்டு முனைகள் வேண்டும்

"மதியம் சூடாக வரும்" என்று எழுதாதீர்கள். வங்கியில் வேலை செய்பவருக்கு மதியம் என்றால் ஒன்றரை மணி; சர்க்கரை நோய்க்கு மருந்து எடுக்கும் பெரியவருக்குப் பன்னிரண்டு மணி. கேரியர் எடுத்துச் செல்லும் தம்பியுடன் ஒரு வாரம் வண்டியில் சுற்றி, முதல் வாசலையும் கடைசி வாசலையும் அடைந்த நேரத்தைக் குறித்துக்கொண்டேன். பெரும்பாலான நாட்களில் 11.50 முதல் 12.35 வரை ஆனது. ஐப்பசி, கார்த்திகை மழையையும் ரயில்வே கேட்டையும் நினைத்துப் பின்முனையில் பத்து நிமிடம் கூட்டி, 11.45 முதல் 12.45 வரை என்று அறிவித்தோம். "கும்பகோணம் முழுவதும்" என்பதையும் நீக்கிவிட்டு, நகரம், தாராசுரம், சுவாமிமலை என்று ஊர்களின் பெயரைச் சொன்னோம்.

நான்காவது படி: நிறுத்துவது என்பது ஒரே செயல் அல்ல

நான் வழுக்கி விழுந்த இடம் இதுதான். முதல் வசனத்தின் கடைசி வரி, "எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம்" என்பது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஒரு நாள் காலை எட்டு மணிக்கு அழைத்து அன்றைக்குச் சாப்பாடு வேண்டாம் என்றார். அதற்குள் காய் வாங்கி நறுக்கி, உலையும் வைத்தாகிவிட்டது. அந்தப் பெட்டியைக் கணக்கில் கழித்ததும், "ஏம்மா, எப்ப வேணும்னாலும் நிறுத்திக்கலாம்னு நீங்கதானே டிவியில சொன்னீங்க?" என்று கேட்டார். அண்ணியிடம் பதில் இல்லை. அந்த வரியை எழுதிய என்னிடமும் இல்லை.

அவர் கேட்டது ஒரு நாள் விடுப்பு. நான் எழுதும்போது நினைத்தது திட்டத்திலிருந்தே விலகுவது. தமிழில் இரண்டையுமே "நிறுத்துவது" என்கிறோம். ஆகவே வசனத்தில் இவற்றுக்கு இரண்டு தனி வாக்கியங்கள் வேண்டும். ஒவ்வொன்றிலும் யாரிடம் சொல்வது, எந்த மணிக்குள் சொல்வது, பெட்டிக்கோ பணத்துக்கோ என்ன ஆகும் என்ற மூன்றும் இருக்க வேண்டும். கெடு நேரத்தை நாமாகக் கற்பனை செய்யாமல் அடுப்படியைக் கேட்க வேண்டும். அண்ணி மறுநாளைக்கான அரிசி, காய் அளவை இரவு ஏழு மணிக்குக் குறித்து முடிக்கிறார். எனவே கெடு முந்தைய நாள் இரவு 7 மணி.

கெடுவை முடிவு செய்ததும் ஓர் உதாரணத்தைத் தாளில் போட்டுப் பாருங்கள். ஒருவர் 2,580 ரூபாய் கட்டித் திங்கட்கிழமை தொடங்குகிறார். முதல் வாரம் 6 பெட்டி, இரண்டாம் வாரம் புதன் வரை 3 பெட்டி, ஆக 9 சாப்பிட்டுவிட்டார். புதன் இரவு ஏழு மணிக்கு முன் விலகுவதாகச் சொன்னால் மீதம் 15 பெட்டி; 15 × 95 = 1,425. கேரியரைத் திருப்பித் தந்ததும் 300 சேர்ந்து 1,725 ரூபாய் கிடைக்கும். எட்டு மணிக்குச் சொல்லியிருந்தால் வியாழன் பெட்டியும் கணக்கில் ஏறி, 1,630 ரூபாய் கிடைக்கும்.

இங்கே ஒரு பொறி உண்டு. சில கூடங்களில் திட்டமாக வாங்கினால் 95, தனியாக வாங்கினால் 110 என்று இரண்டு விலை வைத்திருப்பார்கள். பாதியில் விலகினால் சாப்பிட்ட 9 பெட்டிக்கும் 110 வீதம் 990 ரூபாயைக் கழித்து, கேரியர் பணம் நீங்கலாக 1,290 மட்டும் தருவார்கள். அவரவர் வியாபாரம் அது. ஆனால் அப்படிக் கழிப்பதாக இருந்தால் அதை விளம்பரத்திலேயே சொல்ல வேண்டும். சொல்ல வாய் கூசினால் அந்த விதியைக் கைவிடுவதே மேல்.

ஐந்தாவது படி: எழுதி, கடிகாரம் வைத்து வாசியுங்கள்

வசனம் எழுதுவதற்கென்று செயலிகள் இருக்கின்றன. எனக்கு நடுவில் கோடு கிழித்த தாள்தான் பிடிக்கும். இடப்பக்கம் திரையில் தெரிவது, வலப்பக்கம் குரல். குரல் பகுதியில் எண்களை எழுத்தால் எழுதுங்கள்; இலக்கமாக எழுதினால் வாசிப்பவர் அந்த இடத்தில் தடுமாறுவார். அண்ணி நிதானமாக வாசித்தால் ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய தொண்ணூறு சொற்கள் வருகின்றன. வாடகைக் குரலைவிடச் சமைப்பவரின் குரலே நல்லது என்பது என் கட்சி. பிறகு தொலைபேசியை எடுப்பவரும் அவர்தானே. எங்கள் குரல் பகுதி இது:

"கும்பகோணம் நகரம், தாராசுரம், சுவாமிமலை ஊர்களுக்கு வீட்டு மதியச் சாப்பாடு. சாதம், குழம்பு, ரசம், பொரியல், மோர். ஒரு பெட்டி, வாசலில் கொண்டுவந்து தருவதையும் சேர்த்து, தொண்ணூற்றைந்து ரூபாய். இருபத்து நான்கு பெட்டிக்கு இரண்டாயிரத்து இருநூற்று எண்பது ரூபாய், முன்பணமாக. முதல் முறை மட்டும் கேரியருக்கு முந்நூறு தனி. கேரியரைத் திருப்பித் தந்ததும் அந்த முந்நூறும் திரும்பி வரும். திங்கள் முதல் சனி வரை, பதினொன்றே முக்காலிலிருந்து பன்னிரண்டே முக்காலுக்குள் வரும். ஞாயிறும் அமாவாசையும் சமையல் இல்லை. நாளைக்கு மட்டும் வேண்டாமா? இன்று இரவு ஏழு மணிக்குள் சொல்லுங்கள். அந்தப் பெட்டி கடைசியில் சேரும். திட்டத்தையே விடுகிறீர்களா? அதே ஏழு மணிக்குள் சொல்லுங்கள். மீதமுள்ள பெட்டி ஒவ்வொன்றுக்கும் தொண்ணூற்றைந்து ரூபாய் மூன்று நாளில் திரும்பி வரும். அழைக்க வேண்டிய எண்..."

எண்ணைத் திரையில் மட்டும் காட்டாமல் இரண்டு முறை வாயால் சொல்லுங்கள். பதிவு செய்ததும், திட்டத்தைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவருக்கு ஒரே ஒரு முறை போட்டுக்காட்டி, முதல் முறை எவ்வளவு கட்ட வேண்டும், நாளைக்கு வேண்டாமென்றால் எப்போது சொல்ல வேண்டும் என்று கேளுங்கள். எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி இரண்டாவதற்குச் சரியாகப் பதில் சொன்னார்; முதலாவதற்கு 2,280 என்றார். திரையில் 2,580 நிற்கும் நேரத்தை மூன்று வினாடியிலிருந்து ஏழாக்கியது அதன் பிறகுதான்.

பிற்சேர்க்கை

யுபிஐ ஆட்டோபே வைத்திருந்தால் என்ன செய்வது என்று இதைப் படித்த இருவர் கேட்டிருந்தார்கள். அப்படியானால் வசனத்தில் இன்னொரு வாக்கியம் தேவைப்படும். ரிசர்வ் வங்கி விதிப்படி பணம் பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பாக வாடிக்கையாளருக்கு அறிவிப்பு போய்விடும். அவரே தம் செயலியில் அந்த அனுமதியை ரத்தும் செய்யலாம். ஆனால் வாட்ஸ்அப்பில் "வேண்டாம்" என்று சொல்லிவிட்டவர், அத்துடன் எல்லாம் முடிந்தது என்றே நினைப்பார். கூடத்தின் பக்கம் அனுமதியை ரத்து செய்யாவிட்டால் அடுத்த சுற்றுக்கும் பணம் போய்விடும். ஆகவே "நீங்கள் சொன்னதும் தானியங்கிப் பணப்பிடிப்பையும் நாங்களே நிறுத்திவிடுவோம்" என்று சொல்லி, அதன்படி செய்யுங்கள். நாங்கள் ஆட்டோபே வைக்கவில்லை. 21-ஆம் பெட்டியின் மூடியில் "இன்னும் மூன்று" என்று ஒரு சீட்டு ஒட்டுகிறோம். வேண்டுபவர்கள் பணம் அனுப்புகிறார்கள்.