வெள்ளரிப்பிஞ்சு ஊறல்: உப்புக் கணக்கு தவறும் இடங்கள்

வினிகர் இல்லாமல் உப்புத் தண்ணீரிலேயே வெள்ளரிப்பிஞ்சைப் புளிக்க வைக்கும்போது பெரும்பாலும் கெடுவது கைப்பக்குவத்தால் அல்ல, கணக்கால்தான். ஒரு லிட்டர் தண்ணீரில் 50 கிராம் உப்பைக் கரைத்து, 5 சதவீதம் என்று நம்பி ஒரு கிலோ பிஞ்சைப் போடுகிறோம். வெள்ளரியில் நூற்றுக்கு 95 பங்கு தண்ணீர். உப்பு காய்க்குள் இறங்கும், காயின் நீர் வெளியே வரும். சில நாளில் இரண்டும் சமமானதும், அந்த 50 கிராம் இரண்டு கிலோவுக்கும் பரவி 2.4 சதவீதத்தில் வந்து நிற்கும்.

முட்டைக்கோஸுக்கு அந்த அளவு போதும். வெள்ளரிக்குப் போதாது, அதுவும் நம் ஊர் வெயிலில். புதுக் காயின் தோலில் லாக்டிக் அமில பாக்டீரியா மிகக் குறைவு. அழுகவைக்கும் பாக்டீரியாவும் பூஞ்சையும்தான் அதிகம். உப்பு எல்லாவற்றையும் கொன்றுவிடுவதில்லை. அழுகவைப்பவற்றை முடக்கிப்போட்டு, உப்பைத் தாங்கும் லாக்டிக் வகைக்கு முந்திக்கொள்ள அவகாசம் தருகிறது. அவை காயிலிருந்து கசியும் சர்க்கரையைத் தின்று அமிலம் சுரக்கும். மிச்ச வேலையை அந்த அமிலம் முடிக்கும். உப்பு நீர்த்துப்போனால் அந்த அவகாசம் குறைகிறது. அமிலம் ஏறுவதற்குள் காயின் சதையைப் பிடித்துவைத்திருக்கும் பெக்டின் கரைந்து, பிஞ்சு கொழகொழவென்று ஆகிவிடும்.

ஆகவே காயையும் தண்ணீரையும் சேர்த்து எடை போடுங்கள். இரண்டு கிலோவுக்கு 5 சதவீதம் என்றால் 100 கிராம் உப்பு. கரண்டியால் அளக்கவே வேண்டாம்: ஒரு கரண்டி கல் உப்பும் ஒரு கரண்டி தூள் உப்பும் ஒரே எடை இருக்காது. ஜாடியில் நீர் குறைந்தால் வெறும் தண்ணீரை ஊற்றாமல், லிட்டருக்கு 50 கிராம் உப்பு கரைத்து ஊற்றுங்கள்.

கெட்டுவிடுமோ என்று பயந்து உப்பை அள்ளிப் போடுவதும் தவறுதான். 10 சதவீதத்தைத் தாண்டினால் லாக்டிக் பாக்டீரியாவே மந்தமாகிவிடும். அந்த உப்பையும் தாங்கும் ஈஸ்ட் சர்க்கரையைப் பிடித்துக்கொண்டு வாயுவைக் கிளப்ப, பிஞ்சுக்குள் பொந்து விழும். 15 சதவீதத்துக்கு மேல் போனால் புளிப்பே ஏறாது. கெடாமல் இருக்கும், ஆனால் அது உப்பில் கிடக்கும் காய் மட்டுமே.

சரியாக நடந்தால் இரண்டு மூன்று நாளில் நீர் கலங்கும், குமிழி வரும், சுத்தமான புளிப்பு வாசனை எழும். வாசனையை மட்டும் நம்பாமல் பி.எச். தாளில் பாருங்கள். 4.6க்குக் கீழே போனால், உயிருக்கே ஆபத்தான நஞ்சைச் சுரக்கும் பாட்டுலிசம் கிருமி வளராது. நன்றாகப் புளித்தது 4க்கும் கீழே போகும்.

மேலே படியும் வெள்ளை ஏட்டை இந்த அளவு உப்பு தடுக்காது. அது பெரும்பாலும் ஈஸ்ட். அமிலத்தைத் தின்று புளிப்பைக் குறைக்கும். பிஞ்சு மிதக்காமல் மேலே கனம் வைத்து, ஏட்டை அவ்வப்போது வழித்தெடுங்கள். பூ ஒட்டியிருந்த நுனியையும் போடும்முன் நறுக்கிவிடுங்கள், பெக்டினைக் கரைக்கும் பூஞ்சை நொதி அங்கேதான் அதிகம். பிஞ்சு வழுவழுத்து நாற்றம் வந்துவிட்டால் உப்பைக் கூட்டிச் சரிசெய்ய முடியாது, கொட்டிவிட வேண்டியதுதான்.