எண்ணெய்க் கடைப் பக்கத்துக்கு நாலு தூண்

நான் பார்த்துக்கொள்ளும் மரச்செக்கு எண்ணெய்க் கடையின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் ஆஃபரும் பண்டிகை வாழ்த்தும் தவிர வேறெதுவும் இல்லை. அதனால் முதலில் வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளர்கள் கேட்டதையெல்லாம் ஒரு ஷீட்டில் கொட்டினேன். அடியில் ஏன் கசடு தங்குகிறது, நல்லெண்ணெயில் பொரிக்கலாமா, பாக்கெட் எண்ணெயைவிட ஏன் விலை அதிகம் என்று திரும்பத் திரும்ப வந்தவை தானாகவே மூன்று கூட்டமாகப் பிரிந்தன: செக்கில் நடப்பது, சமையல், சந்தேகம். நாலாவதாக விற்பனை. பக்கத்தில் போடும் எந்தப் பதிவும் இந்த நாலு தலைப்பில் ஒன்றுக்குள் வரவேண்டும், இவற்றைத்தான் தூண் என்கிறேன்.

ஒரு தலைப்பைத் தூணாக ஏற்பதற்கு முன் அதில் பத்துப் பதிவு எழுத முடிகிறதா என்று பார்த்துவிடுங்கள். 'கடலை எண்ணெய்' சீக்கிரம் வற்றிவிடும். 'ஆரோக்கியம்' என்றால் யோகா வரை எதை வேண்டுமானாலும் உள்ளே இழுத்துவிடும், கடை காணாமல் போகும்.

அப்புறம் வரிசை. ஒரே தூண் அடுத்தடுத்து வராது, நாலில் ஒன்றுதான் விற்பனை. கசடு ஒன்றையே செக்கில் வீடியோவாகவும், சந்தேகத்தில் கேள்வி-பதிலாகவும், சமையலில் தெளியவைத்து ஊற்றும் முறையாகவும் போட்டேன், மூன்றும் வேறுவேறாகவே இருந்தன. தீபாவளி நெருங்கினால் விற்பனை மற்றதை விழுங்கப் பார்க்கும். ஷீட்டில் தூணுக்கு ஒரு நிறம் கொடுத்திருப்பதால் மாதக் கடைசியில் பார்த்தாலே தெரிந்துவிடும், அடுத்த மாதம் சரிசெய்துகொள்ளலாம்.