பாலக்கோடு சந்தையில் மகள் கேட்ட கேள்வி

தக்காளி விற்கும் பாட்டியின் கையில் வெண்புள்ளி. "அம்மா, பாட்டி கை ஏன் வெள்ளையா இருக்கு?" என்று என் நாலு வயது மகள் சத்தமாகக் கேட்டாள். "உஷ்" என்று அவள் வாயைப் பொத்தினேன். அது தப்பு. அடுத்த வாரம் பாட்டி நீட்டிய தக்காளியை வாங்காமல் என் பின்னால் ஒளிந்தாள். நான் அடக்கியதால், அது பயப்பட வேண்டிய ஒன்று என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

வீட்டில் உட்காரவைத்துச் சொன்னேன்: "தோலுக்கு நிறம் கொடுக்கிற ஒண்ணு அந்த இடத்துல இல்ல. தொட்டா ஒட்டாது." அப்புறம் ஒரு வழக்கம் வைத்தோம். யார் கன்னத்திலாவது சோறு ஒட்டியிருந்தால் உடனே சொல்லலாம், துடைத்துக்கொள்வார்கள். நிறம், பருமன், தழும்பு பற்றியெல்லாம் வீட்டுக்கு வந்து கேட்க வேண்டும்.

போன சந்தையில் பாட்டி கையிலிருந்தே தக்காளி வாங்கினாள். கேள்வியை பஸ்ஸில் என் காதில் கேட்டாள்: "பாட்டிக்கு வலிக்குமா?"