ஒரே நிறுவனம், இரண்டு ஃபில்டர்: விலை வைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

விலை நிர்ணயப் பிரிவுக்குப் புதிதாக வருகிறவர்கள் ஆண்டுதோறும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். வரியைச் சேர்க்க மறப்பது, பழைய உற்பத்திச் செலவை வைத்துக் கணக்குப் போடுவது போன்றவற்றை இங்கே பேசப்போவதில்லை. அவற்றை யாராவது அன்று மாலைக்குள் கண்டுபிடித்துவிடுவார்கள். ஒன்றுக்கொன்று மாற்றாக நிற்கும் இரண்டு பொருள்களை ஒரே நிறுவனம் விற்கும்போது நேரும் தவறுகளைக் கண்டுபிடிப்பது கடினம். விற்பனை அறிக்கையில் அவை வெற்றிபோலவே தெரியும்.

தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரத்தின் ஃபில்டரை வைத்தே சொல்கிறேன். இயந்திரத்தை வாங்கி மாட்டிவிட்ட வீட்டில், அந்த நிறுவனத்தின் ஃபில்டர் மட்டுமே அதில் பொருந்தும் என்று வைத்துக்கொள்வோம். அந்த வீட்டைப் பொறுத்தவரை நிறுவனம்தான் ஏகபோகம். வீட்டுக்காரருக்கு மிச்சமிருக்கும் வழிகள் இரண்டு: ஃபில்டர் மாற்றுவதைத் தள்ளிப்போடலாம், அல்லது கேன் தண்ணீருக்கு மாறிவிடலாம்.

நிறுவனம் இரண்டு ஃபில்டர்களை விற்கிறது. உயர்ரகத்தைச் செய்ய ரூ.400 செலவாகிறது, சாதாரணத்துக்கு ரூ.240. மாத விற்பனை விலையைப் பொறுத்து இப்படி அமைகிறது (எண்கள் கணக்குக்காக நான் வைத்தவை, A உயர்ரகம், B சாதாரணம்):

```
qA = 10000 − 10·pA + 5·pB
qB =  1600 − 10·pB + 5·pA
```

உயர்ரகத்தின் விலையை ஒரு ரூபாய் ஏற்றினால் பத்துப் பேர் அதை விட்டு விலகுகிறார்கள். அவர்களில் ஐந்து பேர் சாதாரணத்துக்குப் போகிறார்கள், மற்ற ஐந்து பேர் நிறுவனத்தையே விட்டுப் போகிறார்கள். சாதாரணத்தின் விலையை ஏற்றினாலும் இதே கதைதான். விலகுகிறவர்களில் எத்தனை பங்கு நம்முடைய இன்னொரு பொருளுக்கு வருகிறது என்பதை இடம்பெயர்வு விகிதம் என்று அழைப்போம். இங்கே அது பாதி.

ஆளுக்கொரு பொருளைப் பிரித்துக் கொடுத்துவிடுவது

பெரும்பாலான நிறுவனங்களில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு மேலாளர் இருக்கிறார். அவரவர் தம் பொருளின் லாபத்தை மட்டும் பார்த்து விலை வைத்தால், இந்த எண்களில் உயர்ரகம் ரூ.800-லும் சாதாரணம் ரூ.400-லும் வந்து நிற்கும். முதலாவது 4,000 விற்று ரூ.16,00,000 லாபம் தருகிறது. இரண்டாவது 1,600 விற்று ரூ.2,56,000 தருகிறது. மொத்தம் ரூ.18,56,000. இருவரில் எவரும் தனியாக விலையை அசைத்துத் தம் லாபத்தைக் கூட்ட முடியாது என்பதால், இருவருமே தங்கள் வேலையைச் சரியாகச் செய்ததாகத்தான் நினைப்பார்கள்.

இரண்டு விலைகளையும் ஒருவரே சேர்ந்து முடிவுசெய்தால் உயர்ரகம் ரூ.920, சாதாரணம் ரூ.560. விற்பனை 3,600-ஆகவும் 600-ஆகவும் குறைகிறது. லாபம் ரூ.18,72,000-உம் ரூ.1,92,000-உம் சேர்ந்து ரூ.20,64,000. வாங்குகிறவர் இரண்டுக்குமே கூடுதல் விலை கொடுக்கிறார், குறைவாக வாங்குகிறார் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தனித்தனியாகப் போட்டியிட்ட இரண்டு நிறுவனங்கள் இணையும்போது போட்டி ஆணையங்கள் கவலைப்படுவதற்கும் காரணம் இதே கணக்குதான்.

உயர்ரகத்தைத் தின்கிறதே என்று உயர்ரகத்தின் விலையைக் குறைப்பது

இன்றுவரை என்னை எரிச்சலூட்டும் தவறு இதுதான். நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் மலிவான வகையை அறிமுகப்படுத்திய சில மாதங்களில், விலையுயர்ந்த வகையின் விற்பனை சரிந்தது. இளம் மேலாளர் ஒருவர் எழுந்து, "விலை இடைவெளி அதிகமாகிவிட்டது. உயர்ரகத்தைக் கொஞ்சம் இறக்கினால் போனவர்கள் திரும்பி வந்துவிடுவார்கள்" என்றார். அறையில் எல்லோரும் தலையாட்டினார்கள். விலை இறங்கியது, போனவர்களில் பலர் திரும்பியும் வந்தார்கள். அடுத்த கூட்டத்தில் உயர்ரகத்தின் பங்கு ஏறியதைக் காட்டும் வரைபடம் திரையில் வந்தபோது கைத்தட்டல்கூட எழுந்தது. லாபக் கணக்கு வந்து சேர மேலும் பல வாரங்கள் ஆயின.

நம் ஃபில்டர் எண்களில் அதைச் செய்து பாருங்கள். உயர்ரகத்தை ரூ.800-இலிருந்து ரூ.760-க்கு இறக்குகிறோம், சாதாரணம் ரூ.400-லேயே இருக்கிறது. உயர்ரகம் 4,400 விற்கிறது, சாதாரணம் 1,400-ஆகக் குறைகிறது. மொத்த விற்பனை கூடியிருக்கிறது. உயர்ரகத்தின் பங்கு 71 சதவீதத்திலிருந்து 76 சதவீதமாகியிருக்கிறது. லாபமோ ரூ.18,08,000-க்கு, அதாவது ரூ.48,000 கீழே, போய்விட்டது. நானூறு பேரை இழுப்பதற்காக, எப்படியும் வாங்கியிருக்கக்கூடிய நாலாயிரம் பேருக்கும் தலைக்கு நாற்பது ரூபாய் தள்ளுபடி கொடுத்திருக்கிறோம். வந்த நானூறு பேரிலும் பாதிப் பேர் ஏற்கெனவே நம்மிடம் சாதாரண ஃபில்டர் வாங்கிக்கொண்டிருந்தவர்கள்.

இப்போது அதே நாற்பது ரூபாயை மறுபக்கம் வைத்துப் பாருங்கள். உயர்ரகத்தைத் தொடாமல் சாதாரணத்தை ரூ.440-க்கு ஏற்றுகிறோம். உயர்ரகம் 4,200 விற்கிறது, சாதாரணம் 1,200. உயர்ரகத்தின் பங்கு 78 சதவீதம், விலையைக் குறைத்தபோது கிடைத்ததைவிடவும் அதிகம். லாபம் ரூ.19,20,000. அதே இடைவெளிதான் சுருங்கியது, ஆனால் ஒரு வழி லாபத்தைக் குறைத்தது, மற்றது ரூ.64,000 கூட்டியது.

இதன் காரணத்தைப் புரிந்துகொண்டால் வாய்பாடே தேவைப்படாது. சாதாரண ஃபில்டர் ஒன்றை விற்கும்போது பொருட்செலவு ரூ.240 மட்டும் ஆவதில்லை. அதன் விலையை இறக்கிப் புதிதாகச் சேர்க்கும் இரண்டு பேரில் ஒருவர் உயர்ரகம் வாங்கியிருக்கக்கூடியவர். அவரிடமிருந்து கிடைத்திருக்கும் லாபமும் போகிறது. ஆகவே சாதாரணத்தின் செலவோடு இடம்பெயர்வு விகிதத்தால் பெருக்கிய உயர்ரகத்தின் லாபத்தையும் சேர்க்க வேண்டும். சேர்ந்து வைத்த விலைகளில் உயர்ரகம் ஒன்றுக்கு ரூ.520 லாபம், அதில் பாதி ரூ.260. சாதாரணத்தின் உண்மையான செலவு 240-உம் 260-உம் சேர்ந்து ரூ.500. அதை மேலாளர் ரூ.400-க்கு விற்றுக்கொண்டிருந்தார்.

மறுபக்கமும் இதே கணக்குதான். உயர்ரகத்தின் செலவோடு சாதாரணத்தின் லாபம் ரூ.320-இல் பாதி, அதாவது ரூ.160 சேர்கிறது. எந்தப் பொருள் அதிக லாபம் தருகிறதோ அதன் சுமை மற்றப் பொருளின் மேல்தான் ஏறுகிறது. அதனால்தான் லாபம் குறைந்த பொருளின் விலை அதிகமாக ஏற வேண்டியிருக்கிறது. ஏறும் அளவைத் தீர்மானிப்பது எதிரே நிற்கும் பொருளின் லாபம் என்பதைப் புதிதாக வருகிறவர்கள் பத்துப் பேரில் எட்டுப் பேர் தலைகீழாகப் பிடித்துக்கொள்கிறார்கள்.

இரண்டையும் ஒரே சதவீதம் ஏற்றுவது

மேலே தனித்தனி விலைகளிலிருந்து சேர்ந்து வைத்த விலைகளுக்குப் போனபோது உயர்ரகம் 15 சதவீதம் ஏறியது, சாதாரணம் 40 சதவீதம்.

போன லாபத்துக்குப் பதில் போன விற்பனைத் தொகையைக் கணக்கிடுவது

ரூ.800 விலையுள்ள விற்பனை ஒன்று போனால் போவது ரூ.800 அல்ல, ரூ.400. மீதி நானூறு செலவாகவே ஆகவில்லை. முழுத் தொகையையும் இழப்பாக எழுதினால் சாதாரணத்தின் விலை அளவுக்கு மீறி ஏறிவிடும்.

ஒரு விலையைத் திருத்திவிட்டு நின்றுவிடுவது

உயர்ரகத்தை ரூ.800-இல் அப்படியே வைத்துவிட்டு சாதாரணத்துக்கு மட்டும் சிறந்த விலையைத் தேடினால் ரூ.500 கிடைக்கும். லாபம் ரூ.19,56,000. பலர் இங்கே கோப்பை மூடிவிடுகிறார்கள். சாதாரணம் ரூ.500 ஆனதும் அதன் லாபம் கூடிவிட்டது, ஆகவே உயர்ரகத்தின் சரியான விலை ரூ.890-ஆகிறது. அது ஏறியதும் சாதாரணத்துக்கு ரூ.545. இப்படி மாறி மாறிப் போய்த்தான் 920-க்கும் 560-க்கும் வந்து சேர முடியும். ஒவ்வொரு சுற்றிலும் மொத்த லாபத்தைப் பார்க்க வேண்டும். அந்தந்தப் பொருளின் லாபத்தை மட்டும் பார்த்தால் எத்தனை சுற்று சுற்றினாலும் 800-க்கும் 400-க்கும்தான் திரும்பி வருவீர்கள்.

சாதாரணத்தின் மேலாளருக்கு அவர் பொருளின் லாபத்தை வைத்து ஊக்கத்தொகை கொடுப்பது

அவருடைய லாபம் ரூ.2,56,000-இலிருந்து ரூ.1,92,000-க்கு இறங்குகிறது. அவர் எதிர்க்காமல் என்ன செய்வார்?

இடம்பெயர்வு விகிதத்தை ஊகித்துக்கொள்வது

கணக்கு முழுவதும் அந்தப் 'பாதி'யின் மேல்தான் நிற்கிறது. அதை அளக்க ஒரு விலையை மட்டும் மாற்ற வேண்டும், மற்றதை அசைக்கக் கூடாது. இரண்டு விலைகளையும் ஒரே நாளில் ஏற்றிவிட்டு எது எதைத் தின்றது என்று கேட்டால் பதில் கிடையாது. சில மாவட்டங்களில் மட்டும் விலையை மாற்றி, மாற்றாத மாவட்டங்களோடு ஒப்பிடுவது நல்ல வழி.

ஃபில்டருக்கு ஒரு வசதி உண்டு: ஒவ்வொரு இயந்திரத்துக்கும் வரிசை எண் இருக்கிறது. முன்பு உயர்ரகம் வாங்கிய இயந்திரம் இந்த முறை எதை வாங்கியது, எதையுமே வாங்கவில்லையா என்று சேவைப் பதிவேட்டிலேயே தேடலாம். ஆனால் விலை மாறாத மாவட்டங்களிலும் சிலர் வகை மாறிக்கொண்டுதான் இருப்பார்கள். அந்த எண்ணிக்கையைக் கழிக்காமல் விட்டால் விகிதம் பொய்யாகும். ஃபில்டர் பல மாதம் உழைக்கும் பொருள் என்பதால், ஒரு முழு மாற்றுச் சுழற்சி முடியும்வரை காத்திருக்கவும் வேண்டும். விலை ஏறப்போகிறது என்று டீலர்கள் முன்கூட்டியே வாங்கிக் குவித்த மாதத்தை வைத்து முடிவெடுத்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

லாபம் தருகிறது என்பதற்காகவே ஒரு பொருளை வைத்திருப்பது

சாதாரண ஃபில்டரின் செலவு ரூ.240-இலிருந்து ரூ.360-ஆக உயர்கிறது என்று வையுங்கள். உயர்ரகத்தின் மேலாளரும் அதற்கேற்பத் தன் விலையைச் சற்று ஏற்றிவிட, தனியாக விலை வைக்கும் சாதாரணத்தின் மேலாளர் அதை ரூ.464-க்கு விற்பார். மாதம் 1,040 போகும், ஒன்றுக்கு ரூ.104 லாபம். அவர் கணக்கில் லட்சத்துக்கு மேல் வருகிறது, எடுத்துவிடச் சொன்னால் சண்டைக்கு வருவார். சேர்ந்து கணக்கிட்டால் உயர்ரகம் அதே ரூ.920, சாதாரணம் ரூ.620. அந்த விலையில் விற்பனை பூஜ்யம். ரூ.620-இல் சாதாரணம் தரும் லாபம் ரூ.260, அது உயர்ரகத்திடமிருந்து பறிப்பதும் ரூ.260. இதற்குக் கீழே எந்த விலையில் வைத்தாலும் மொத்த லாபம் குறைகிறது. அப்போது பொருளைக் கடையிலிருந்து எடுத்துவிடலாம்.

அல்லது மற்றப் பொருளிலிருந்து அதை இன்னும் தள்ளி நிறுத்தி, இடம்பெயர்வு விகிதத்தைக் குறைக்கலாம். 1990-இல் ஐபிஎம் இதைத்தான் செய்தது. நிமிடத்துக்குப் பத்துப் பக்கம் அச்சடித்த தன் லேசர் பிரிண்டரை ஏறக்குறைய அப்படியே எடுத்து, ஐந்து பக்கம் மட்டுமே அச்சடிக்கும்படி வேகத்தைக் குறைத்து, லேசர் பிரிண்டர் இ என்ற பெயரில் மலிவாக விற்றது. நிறைய அச்சடிக்கும் அலுவலகங்கள் மலிவான பிரிண்டருக்கு இறங்கிவராமல் அந்த வேகக்குறைவு தடுத்து நிறுத்தியது.