விமானம் இறங்கிய நேரம் வேறு, வந்து சேர்ந்த நேரம் வேறு

திருகோணமலையிலிருந்து கட்டுநாயக்கவுக்கு வான் பிடித்து ஆட்களை ஏற்றப் போகிறவர்களுக்கு இது உதவும். டிக்கெட்டில் உள்ளது 'பிளாக் டைம்': விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வது முதல் மறுமுனையில் நிற்கும் வரை.

உதாரணமாக, சென்னையில் 10.00 புறப்பாடு, இங்கே 11.25 வருகை என்று வையுங்கள். கதவடியிலேயே 20 நிமிடம் தாமதம். அது பிளாக் டைமில் சேராது. 10.20க்கு நகர்ந்து, ஓடுபாதைக்கு ஊர்ந்து, 10.35க்கு மேலெழுகிறது. பறந்தது 55 நிமிடம். 11.30க்குத் தரை தொட்டு, 11.35க்கு நிற்கிறது. தாமதம் 10 நிமிடமாகக் குறைந்துவிட்டது, ஏனென்றால் அட்டவணையிலேயே கொஞ்சம் கூடுதல் நேரம் வைத்திருப்பார்கள்.

ஆப்பில் 'Landed' என்று கண்டதும் அவசரப்படாதீர்கள். நிறுத்துமிடம் காலியாகாவிட்டால் ஆட்கள் உள்ளேதான் இருப்பார்கள். குடிவரவு, பெட்டி எல்லாம் அப்புறம்தான்.